இருநூறு கே.பி.க்குள் ஒரு தலைமுறை

எங்கள் தெருவில் சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மா இருக்கிறார். அவர் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டாள். அந்தக் குடும்பம் செய்த முதல் தப்பு அது. பொறியியல் படிக்க ஆசைப்பட்டது இரண்டாவது தப்பு. வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் பட்டம் வாங்கியதில்லை என்பதால் அரசு கட்டணச் சலுகை தரும் என்று நம்பியது மூன்றாவது. மன்னிக்க முடியாதது அதுதான்.

சலுகை உண்மையிலேயே உண்டு. 2010 முதல் உண்டு. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அரசு கல்விக் கட்டணத்தைத் தாங்குகிறது. நல்ல திட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு ‘முதல் பட்டதாரிச் சான்றிதழ்’ வேண்டும். அந்தச் சான்றிதழை இப்போது எந்த அலுவலகத்திலும் மனு கொடுத்து வாங்க முடியாது. எல்லாம் இணையத்தில். வீட்டில் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொள்ளலாம் என்று சுவரொட்டியில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருக்கிறது. நம் அம்மா வீட்டில் உட்கார்ந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. சுவரொட்டிக்கு அது தெரியாது.

முதலில் என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். புகைப்படம், ஆதார், குடும்ப அட்டை, மாணவியின் மாற்றுச் சான்றிதழ். இதுவரை நியாயம். அடுத்து, குடும்பத்தில் மற்றவர்களுடைய கல்விச் சான்றுகள். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், தாத்தா, பாட்டி. அதாவது இந்த வீட்டில் யாரும் படிக்கவில்லை என்பதை நிரூபிக்க, எல்லோரும் படித்ததற்கான சான்று கொண்டு வர வேண்டும்.

“தாத்தாவோட டி.சி. இருக்காக்கா?” என்று கேட்டான் இ-சேவை மையத்துப் பையன்.

“அவரு மாடு மேய்ச்சாரு தம்பி. செத்து இருவது வருசமாச்சு.”

“எதாச்சும் ஒரு ப்ரூஃப் இருந்தா நல்லா இருக்கும்க்கா. இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்க.”

மாடு மேய்த்ததற்கு எந்த மாடு சான்றிதழ் கொடுக்கும்? பத்திரத்தில் அவர் வைத்த கைநாட்டு இருந்திருந்தால் உதவியிருக்கும். கைநாட்டு வைக்க ஒரு பத்திரம் வேண்டும், பத்திரத்துக்கு நிலம் வேண்டும். நிலம் இருந்தால் இந்த வரிசையில் ஏன் நிற்கிறார்?

சரி, விண்ணப்பம் தொடங்கியது. தொடங்கிய இடத்திலேயே நின்றது. இந்தச் சேவைகளுக்கு ஒவ்வொருவருக்கும் ‘கேன்’ எண் என்று ஒன்று உண்டு. குடிமகனுக்கு அரசு கொடுத்த கணக்கு எண். அதைத் திறக்கக் கைபேசிக்கு ஓ.டி.பி. வரும். மகளுக்குச் சில வருடங்களுக்கு முன் சாதிச் சான்றிதழ் எடுத்தபோது வேறொரு மையத்தில் இந்த எண்ணைப் போட்டார்கள். அம்மாவிடம் அப்போது கைபேசி இல்லை. மையத்துப் பையன் நல்லவன், தன் எண்ணையே போட்டுவிட்டான். இப்போது மையம் இல்லை. பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஆக, இந்தப் பெண்ணின் குடியுரிமைச் சாவி திருப்பூரில் ஒரு தையல் மெஷினுக்குப் பக்கத்தில் சைலண்ட் மோடில் கிடந்தது. அவனைத் தேடிப் பிடித்து, சாப்பாட்டு இடைவேளையில் ஆறு இலக்கம் வாங்க ஒரு நாள் போனது.

அடுத்து பெயர். தமிழனுக்குத் தலையெழுத்து உண்டு, தலைப்பெழுத்தும் உண்டு. ஆதாரில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால். மதிப்பெண் பட்டியலில் முன்னால். குடும்ப அட்டையில் இல்லவே இல்லை. அம்மாவின் பெயரான லட்சுமி, ஆங்கில எழுத்தில் மூன்று ஆவணத்தில் மூன்று விதம். எழுதியவர்கள் மூன்று அரசு ஊழியர்கள். ஒருவரும் அம்மாவிடம் கேட்டு எழுதவில்லை, படித்துப் பார்த்துச் சரிபார்க்க அம்மாவுக்கு எழுத்தும் தெரியாது. ஆனால் பொருத்தமின்மைக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர். அரசு செய்த எழுத்துப் பிழைக்கு, எழுத்தே தெரியாதவர் குற்றவாளி.

பிறகு வந்தது இந்த முழு நாடகத்தின் உச்சக் காட்சி. சுய உறுதிமொழிப் படிவம்.

காகிதமில்லா அலுவலகம் எப்படி இயங்குகிறது என்று இங்கே கற்றுக்கொள்ளலாம். படிவத்தைத் தளத்திலிருந்து இறக்க வேண்டும். காகிதத்தில் அச்சிட வேண்டும். பேனாவால் கையெழுத்திட வேண்டும். ஸ்கேன் செய்ய வேண்டும். திரும்பத் தளத்தில் ஏற்ற வேண்டும். ஒரே ஒரு காகிதத்தை ஒழிக்க ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர், ஒரு கணினி, அரை மணி நேர மின்சாரம். இதற்குப் பெயர் மின் ஆளுமை. மின்சாரம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஏற்றுகிற கோப்பு இருநூறு கே.பி.க்குள் இருக்க வேண்டும். புகைப்படம் என்றால் ஐம்பது. நீங்கள் வைத்திருக்கும் சாதாரணக் கைபேசியில் ஒரு படம் எடுத்தால் அது இரண்டாயிரம், மூவாயிரம் கே.பி. வரும். ஆகவே அதைச் சுருக்க வேண்டும். எது சுருக்கப்படுகிறது என்று கவனியுங்கள்: மடித்து மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்த, மடிப்பில் எழுத்து தேய்ந்த, முப்பது வருடத்துக்கு முந்தைய ஐந்தாம் வகுப்புச் சான்று. அப்பாவினுடையது. மூலமே பாதிதான் தெரியும். பத்தில் ஒரு பங்காக நசுக்கினால் பழுப்பு நிறத்தில் ஒரு மேகம் தெரியும். மேகத்தை ஏற்றினோம். தளம் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டது. அளவு சரியாக இருந்ததல்லவா?

எட்டாம் நாள் விண்ணப்பம் திரும்பி வந்தது. காரணம்: ஆவணம் தெளிவாக இல்லை.

சிரிக்காதீர்கள். தெளிவாக ஏற்றினால் பெரிதாக இருக்கிறது என்று கருவி நிராகரிக்கும். சிறிதாக ஏற்றினால் தெளிவில்லை என்று அதிகாரி நிராகரிப்பார். இரண்டு பேரும் சட்டப்படி சரி. தப்பு எங்கே என்றால், அந்த ஐந்தாம் வகுப்புச் சான்றை டிரங்குப் பெட்டிக்குள் வைத்ததில்.

இதில் ஒரு கிராம நிர்வாக அலுவலர் வருகிறார். விண்ணப்பம் அவருடைய திரைக்குத்தான் முதலில் போகும். பிறகு வருவாய் ஆய்வாளர், பிறகு துணை வட்டாட்சியர், அவருடைய மின் கையொப்பத்தோடு சான்றிதழ். ஒவ்வொருவரும் தம் இடத்திலிருந்து பரிந்துரைத்து அனுப்பினால் போதும், விண்ணப்பதாரர் எங்கும் போக வேண்டாம். இதுதான் இந்த ஏற்பாட்டின் அழகே. நடைமுறையில் இந்த அழகுக்கு ஒரு மச்சம் உண்டு. விண்ணப்பம் போட்ட மறுநாள் கைபேசியில் ஒரு குரல்: “ஏம்மா, ஆன்லைன்ல போட்டா போதுமா? அதெல்லாம் பிரிண்ட் எடுத்துக்கிட்டு நேர்ல வந்து பாரும்மா.”

நேரில் போனோம். அலுவலகம் பூட்டியிருந்தது. அவருக்கு இன்னும் இரண்டு கிராமம் கூடுதல் பொறுப்பாம். அவரையும் முழுக்கத் திட்ட மனசு வரவில்லை. 1980-ல் பரம்பரைக் கர்ணத்தையும் மணியக்காரரையும் எடுத்துவிட்டுக் கொண்டுவந்த பதவி இது. கர்ணம் ஒரு கட்டுக் கணக்கோடு சாய்வு நாற்காலியில் இருந்தார். இவர் மூன்று ஊர், தேர்தல் வேலை, வெள்ளக் கணக்கு, பயிர்க் கணக்கு, அமைச்சர் வருகை, அதோடு மெதுவான இணையமும் ஒரு மடிக்கணினியும் என்று ஓடிக்கொண்டிருக்கிறார். ஆள் போடாமல் மென்பொருள் போட்டால் வேலை முடிந்துவிடும் என்று தலைநகரில் யாரோ நம்பியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்குக் கீழே இவரும் நசுங்குகிறார். இவருக்குக் கீழே நம் அம்மா.

ஆனால் அந்த ‘நேர்ல வந்து பாரும்மா’வை அப்படியே விட்டுவிட முடியாது. லஞ்ச ஒழிப்புத் துறை எப்படிப் பிடிக்கிறது என்று தினத்தாள் படிக்கிற உங்களுக்குத் தெரியும். ரூபாய் நோட்டில் ரசாயனம் தடவிக் கொடுத்து அனுப்புவார்கள். வாங்கியவர் கையைக் கரைசலில் நனைத்தால் அது இளஞ்சிவப்பாகும். சான்றிதழுக்கும் பட்டா மாற்றத்துக்கும் பணம் வாங்கியவர் கையும் களவுமாகச் சிக்கினார் என்று இன்றைக்கும் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. என் கேள்வி ரொம்பச் சின்னது. எல்லாமே இணையத்தில் நடக்கிறது என்றால், அந்த இரண்டு கைகளும் எங்கே சந்தித்தன?

இணையம் வந்து வரிசையை ஒழிக்கவில்லை. வரிசைக்கு முன்னால் இன்னொரு வரிசை போட்டிருக்கிறது. முன்பு தாலுகா அலுவலக வேப்பமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவர் ஒருவர் இருந்தார். வெற்றிலைக்காரர், பத்து ரூபாய் வாங்குவார், கதையைக் கேட்டுக்கொள்வார். இப்போது அவர் இடத்தில் கண்ணாடிக் கதவும் மின்விசிறியும். உள்ளே போனால் முதல் கேள்வி ‘ஓ.டி.பி. சொல்லுங்க’. அப்போது மனு எழுதத்தான் ஆள் வேண்டியிருந்தது. இப்போது தன் பெயரைத் தானே திறந்து பார்க்கவும் ஆள் வேண்டும்.

இதற்குள் கலந்தாய்வுப் பதிவின் கடைசி நாள் நெருங்கியது. அந்த வாரம் பார்த்துத் தளம் படுத்துக்கொண்டது. மே, ஜூனில் பிள்ளைகள் சான்றிதழுக்கு ஓடுவார்கள் என்பது பள்ளிக்கூடங்கள் வந்த நாளிலிருந்து தெரிந்த சங்கதி. ஆனாலும் கூட்டம் எங்கிருந்தோ திடீரென்று வந்துவிட்டது போல ஒவ்வொரு வருடமும் சர்வர் திகைக்கிறது. தீபாவளிக்குப் பேருந்து போதவில்லை என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் கண்டுபிடிப்பார்களே, அதே விஞ்ஞானம்.

யாரோ சொன்னார்கள், அரசின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் போடுங்கள் என்று. போட்டோம். இங்கே நின்று கொஞ்சம் ரசிக்க வேண்டும். ஏனென்றால் இந்த ஒரு சேவை மட்டும் உண்மையிலேயே மின்னல் வேகம்.

புகார் மேலே போகிறது. மேலே இருப்பவர் துறைக்கு அனுப்புகிறார். துறை மாவட்டத்துக்கு. மாவட்டம் கோட்டத்துக்கு. கோட்டம் வட்டத்துக்கு. வட்டம் வருவாய் ஆய்வாளருக்கு. அவர் கிராம நிர்வாக அலுவலருக்கு. அதாவது யார் மேல் புகாரோ அவருக்கே. முன்பெல்லாம் ஓர் அதிகாரி மேல் கொடுத்த மனு அவர் கைக்கே வந்து சேர மாதக் கணக்காகும். இப்போது மூன்று நாள். தொழில்நுட்பத்தின் சாதனையை மறுக்கக் கூடாது.

நான்காம் நாள் தொலைபேசி வந்தது. “ஏம்மா, என் மேலயே மனு போட்டியா? நேர்ல வந்து சொன்னா முடிச்சுக் குடுத்திருக்க மாட்டேனா?” நேரில் போய்ப் பூட்டைப் பார்த்த கதையைச் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. நாளைக்கு இன்னொரு சான்றிதழ் வேண்டியிருக்கும், அதற்கும் இவரிடம்தான் போக வேண்டும். “தப்பா நெனச்சுக்காதீங்க சார்” என்றார். மாலையில் குறுஞ்செய்தி: தங்கள் மனு தீர்வு செய்யப்பட்டது.

சான்றிதழ் வரவில்லை. மனு மட்டும் தீர்ந்தது. சான்றிதழ் பரிசீலனையில் உள்ளது என்று பதில் எழுதினார்கள். பதில் எழுதியாயிற்று, ஆகவே தீர்ந்தது. அரசு அகராதியில் தீர்வு என்றால் உங்கள் பிரச்சினை முடிவது அல்ல, அவர்கள் கோப்பு முடிவது. டில்லியிலும் இதே கணக்குதான். மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளத்தில் புகாரை முடிக்கும் கெடு 45 நாளாக இருந்தது, 30 ஆனது, 2024-ல் 21 ஆனது. பெருமைதான். முடிப்பது என்றால் என்ன என்று மட்டும் புகார் கொடுத்தவரைக் கேட்காதீர்கள்.

திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மக்கள் வாயில் மனுநீதி நாள். திருவாரூரில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது, சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்று கதை. பசுவிடம் யாரும் ஆதார் கேட்கவில்லை. மணிக்கயிறு அதன் உயரத்தில் தொங்கியது. மனுவைத் தேரோட்டிய இளவரசனுக்கே அனுப்பி அறிக்கை கேட்கவும் இல்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நாம் செய்திருப்பது என்ன? 2017 அக்டோபரில், திரும்பத் திரும்ப மனு கொடுத்து அலுத்த ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், இரண்டு சின்னக் குழந்தைகளோடு, நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்தது. கந்துவட்டிக் கொடுமை. அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் வாசலிலேயே சோதனை. மனு கொடுக்க வருகிறவர்களின் பையைப் பிரித்து, பாட்டிலில் இருப்பது தண்ணீரா மண்ணெண்ணெயா என்று பார்த்து அனுப்புகிறார்கள். மனுவைப் படிக்கிறார்களோ இல்லையோ, பாட்டிலை மோந்து பார்க்கிறார்கள். இதற்கு மேல் அங்கதம் எழுத எனக்குத் தெரியாது.

‘எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் வந்துவிட்டதே சார்’ என்று ஒரு கூட்டம் கிளம்பும். மத்திய அரசே எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, 2019–21. தமிழ்நாட்டில் ஒரு முறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 46.9 விழுக்காடு. ஆண்கள் 70.2. பிறகு கொஞ்சம் ஏறியிருக்கும், ஏறட்டும். ஆனால் அந்தக் கணக்கில் பெண்களுக்கு வயது வரம்பு 15 முதல் 49. ஐம்பதைத் தாண்டிய பெண்ணிடம் கேட்கவே இல்லை. முதியோர் ஓய்வூதியத்துக்கும் கைம்பெண் உதவித்தொகைக்கும் இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று எந்தக் கிழவியிடம் சொல்கிறோமோ, அவளுக்கு இணையம் தெரியுமா என்று கேட்கக்கூட நமக்குத் தோன்றவில்லை. யூடியூபில் பாட்டு கேட்பதும் பி.டி.எஃப். கோப்பை இருநூறு கே.பி.க்குச் சுருக்குவதும் ஒன்று என்று நினைப்பவர்கள்தான் நமக்குத் திட்டம் தீட்டுகிறார்கள்.

சான்றிதழ் கடைசியில் வந்தது. பதிவு முடிய ஒரு நாள் இருந்தது. மின் கையொப்பம், பக்கத்தில் கியூஆர் குறியீடு. ஸ்கேன் செய்தால் உண்மை தெரியும், முத்திரையே தேவையில்லை. கல்லூரியில் சேரப் போன நாளில் மேசைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது பிரிண்ட் அவுட்மா. ஒரிஜினல் எங்க?” என்றார். எடுக்கிற ஒவ்வொரு அச்சும் ஒரிஜினல்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு மூன்று நகல் எடுத்து, பச்சை மைக் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். கியூஆர் குறியீடு பார்த்துக்கொண்டே இருந்தது.

அம்மாவிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அரசுக் கட்டணம் 60 ரூபாய். மையத்துக்கு மேற்கொண்டு 90. திரும்பி வந்த விண்ணப்பத்தை மறுபடி ஏற்ற 100. நகல், அச்சு 80. பேருந்தும் ஷேர் ஆட்டோவும் 170. பூட்டைத் திறந்தவருக்கு டீச்செலவு என்று யாரோ வாங்கிக்கொண்டது 300. மூன்று நாள் கூலி 1800. மொத்தம் 2600 ரூபாய். இதில் அரசின் கணக்கில் ஏறுவது 60. ‘வெறும் அறுபது ரூபாயில் சேவை’ என்று அடுத்த சுவரொட்டி தயாராகும். மிச்சம் 2540 ரூபாயும் டிஜிட்டல் புரட்சிக்கு இந்தச் சித்தாள் அளித்த நன்கொடை.

கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய தாலுகா அலுவலகத்தில் கோப்பைத் தேடி அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். நான் சொல்வது வேறு. தாமதமானால் குடிமகன் வாசல் வாசலாக அலைகிறான், அதிகாரிக்கு ஒன்றும் ஆவதில்லை. இந்தக் கணக்கு மாறாத வரைக்கும் கணினி வெறும் பூட்டுதான். திறவுகோல் இன்னொருவர் கையில்.

இதற்கு மருந்து ரகசியமில்லை. மத்தியப் பிரதேசம் 2010-லேயே சேவை உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. கர்நாடகம் 2011-ல் சகாலா சட்டம் போட்டது. விண்ணப்பித்ததும் ஓர் எண், எத்தனை நாளில் முடியும் என்று ஒரு கெடு. கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500, விண்ணப்பதாரருக்கு. தப்புச் செய்த ஊழியரிடமிருந்து அதைப் பிடிக்கவும் வழி உண்டு. அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் இதைப் பல வருடங்களாகக் கேட்கிறார்கள். மேடையில் வாக்குறுதி கிடைக்கிறது. வாக்குறுதிக்கு ஒப்புகைச் சீட்டு கிடைப்பதில்லை.

அந்தச் சித்தாளின் ஒரு நாள் கூலி 600. தாமதத்துக்கு அதிகாரியிடம் கேட்கச் சொல்வது நாளொன்றுக்கு 20. அந்த இருபது ரூபாயைச் சட்டமாக எழுதினால் இருநூறு கே.பி.கூட வராது.